90 வினாடி ஸ்கிரிப்ட் 30 வினாடி ஆகும்போது எது நிற்கும், எது போகும்

கேள்வி: "90 வினாடி விளம்பரப் படம் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். பிடித்திருக்கிறது, ஆனால் 30 வினாடியில் வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தேன். 52 வினாடிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?"

அது 52இல் வந்து நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் குறைக்க முடியாத ஓர் அடிச்செலவு இருக்கிறது. புதிய இடம் ஒன்று திரையில் வந்தால், அது எந்த இடம், யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று பார்ப்பவர் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய ஒன்றரை வினாடி போய்விடும். அதன்பின் ஒரு செயல் நடக்க வேண்டும், அந்தச் செயலுக்கு ஒரு முகம் அசைய வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் ஒரு காட்சி புரிவதற்கு 5 வினாடி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் எட்டு ஒன்பது காட்சிகள் இருந்தால் அதற்கே 45 வினாடி ஆகிவிடும். கடைசியில் பெயரும் லோகோவும் வரும் இடத்தைச் சேர்த்தால் நீங்கள் நின்ற இடத்துக்கு வந்துவிடுவோம். ஆகவே காட்சிகளின் நீளத்தில் கை வைப்பதற்கு முன் அவற்றின் எண்ணிக்கையில் கை வைக்க வேண்டும். 30 வினாடிக்குள் இரண்டு காட்சிகள் நன்றாக வாழும், மூன்று நெருக்கியடித்து இருக்கும். நான்காவது வந்தால் அது பெரும்பாலும் முன்னோட்டப் படம் போலத்தான் இருக்கும்: எல்லாம் கண்ணில் பட்டிருக்கும், எதுவும் மனத்தில் நின்றிருக்காது.

எந்த இரண்டு என்பதை முடிவு செய்ய நான் ஸ்கிரிப்டைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறேன். முத்தாய்ப்பான தருணம் எதுவோ அதை முதலில் தனித்தாளில் எழுதிவிட்டு, 'இது புரிய வேண்டுமானால் பார்ப்பவருக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அதற்கு வரும் விடையை நான் அச்சாரம் என்று சொல்வது வழக்கம். அச்சாரமும் முத்தாய்ப்பும் மட்டுமே நிற்கும். மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும், அவை போனால் முத்தாய்ப்பு புரியாமல் போகிறதா என்று பார்த்து, போகவில்லை என்றால் எடுத்துவிடுகிறேன். கட்டைவிரலால் ஒரு காட்சியை மறைத்துக்கொண்டு மீதியை ஒருவருக்குக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் எந்த இடத்திலும் 'ஏன்?' என்று நிறுத்தவில்லையென்றால் மறைத்த காட்சி போகலாம்.

நான் செய்த ஒன்றையே எடுத்துக்காட்டுகிறேன். காதுகேள் கருவி ஒன்றுக்கான படம் அது. 90 வினாடி ஸ்கிரிப்டில் ஒன்பது பகுதிகள் இருந்தன. வாசல் மணி அடிப்பது தாத்தாவுக்குக் கேட்கவில்லை (10 வினாடி). மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரு வேடிக்கைக்குச் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிக்கிறார் (12). பேத்தி ஒன்று கேட்க அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார் (11). தொலைக்காட்சி அலறுகிறது, மருமகள் வந்து சத்தத்தைக் குறைக்கிறார் (8). மகன் அவரைச் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறான் (14). கருவியைப் பற்றிய விளக்கம் (12). மழை பெய்கிறது, அவர் சன்னலருகே நின்று அதைக் கேட்கிறார் (9). பேத்தி அவருக்குப் பின்னால் நின்று மிக மெல்லிய குரலில் "தாத்தா" என்கிறாள், அவர் திரும்புகிறார் (8). பெயரும் லோகோவும் (6).

இதில் முத்தாய்ப்பு எது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. பின்னாலிருந்து வரும் ஒரு மெல்லிய குரலுக்கு அவர் திரும்புவதுதான். அது புரிய என்ன தெரிந்திருக்க வேண்டும்? முன்பு அப்படிக் கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை என்பது. இங்கேதான் ஒரு வியப்பு காத்திருந்தது. ஸ்கிரிப்டின் முதல் நான்கு காட்சிகளும் அவருக்குக் காது கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கின்றன. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டு அவர் திரும்பாமல் இருக்கும் காட்சி அவற்றில் ஒன்றுகூட இல்லை. 90 வினாடியில் அது தேவைப்படவில்லை, ஏனென்றால் நான்கும் சேர்ந்து 41 வினாடியில் அந்த வேலையைச் செய்துவிட்டன. 30 வினாடியில் அந்த நான்கில் எதை வைத்துக்கொண்டாலும் அது முத்தாய்ப்போடு சரியாகப் பொருந்தவில்லை. வாசல் மணியை வைத்தால் கடைசியில் மணி கேட்க வேண்டும். மேசைச் சிரிப்பை வைத்தால் கடைசியில் அவர் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்க வேண்டும். ஆகவே நான்கையும் எடுத்துவிட்டு, 90 வினாடிப் படத்தில் இல்லாத ஒரு காட்சியைப் புதிதாக எழுதினேன். குறைக்கும் வேலையில் பலர் தயங்கும் இடம் இது. இருப்பதிலிருந்து எடுப்பது மட்டுமே தங்களுக்கு அனுமதிக்கப்பட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்; அப்படி யாரும் சொல்வதில்லை.

புதிய காட்சி முத்தாய்ப்புக் காட்சியின் அதே அறையில், அதே கோணத்தில், அதே செயலோடு நடந்தது. பேத்தி கையில் தான் வரைந்த படத்தோடு வாசற்படியில் நிற்கிறாள். தாத்தா சன்னலைப் பார்த்தபடி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒருமுறை கூப்பிடுகிறாள், இரண்டாம் முறை உரக்கக் கூப்பிடுகிறாள், அவர் அசையவில்லை. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்கிறாள். இடம் ஒன்றே என்பதால் இரண்டாம் முறை அந்த அறை வரும்போது அடிச்செலவு கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. பார்ப்பவருக்கு அறையும் தெரியும், ஆட்களையும் தெரியும், என்ன நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் வந்துவிடுகிறது. நாட்கள் கடந்தன என்று சொல்ல ஒரு வினாடியும் செலவிடவில்லை. பேத்தியின் உடை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

முடிவில் கணக்கு இப்படி வந்தது. கூப்பிட்டுத் திரும்பாத காட்சி 9 வினாடி. கருவியைக் காதில் பொருத்தும் அண்மைக் காட்சி 4 வினாடி. மெல்லக் கூப்பிட்டுத் திரும்பும் காட்சி 10 வினாடி. கருவி மீண்டும் 4, பெயர் 3. முத்தாய்ப்பு மூலத்தில் 8 வினாடி இருந்தது, குறைந்த படத்தில் 10 ஆகக் கூடியிருப்பதைக் கவனியுங்கள். இதை வேண்டுமென்றே செய்தேன். பேத்தி கூப்பிட்ட பிறகு அவர் திரும்புவதற்கு முன் ஏறக்குறைய 2 வினாடி எதுவும் நடக்காது, எந்தக் குரலும் இருக்காது. அந்த அமைதியில்தான் பார்ப்பவர் 'கேட்டிருக்குமா?' என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறார். நேரம் போதவில்லை என்றதும் எல்லோருடைய கத்தியும் முதலில் போவது இந்த அமைதியின் மேல்தான், ஏனென்றால் தாளில் அது வெற்றிடமாகத் தெரியும். முகம் மாறும் காட்சிக்கும் இதே கதிதான். இவை இரண்டையும் வெட்டிவிட்டு வசனத்தைக் காப்பாற்றிய படங்களை எடிட்டிங் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். செய்தி வந்து சேரும், நெஞ்சில் எதுவும் பதியாது.

மழைக் காட்சியை விடுவதற்கு எனக்கே மனம் வரவில்லை. இயக்குநருக்கும் அதுதான் பிடித்த காட்சி. ஆனால் கட்டைவிரல் சோதனையில் அது நிற்கவில்லை. கடைசியில் காட்சியை விட்டுவிட்டு அதன் வேலையை ஒலிக்கு மாற்றினோம்: முதல் காட்சியில் சன்னலுக்கு வெளியே பெய்யும் மழை மூடிய கதவுக்கு அப்பால் கேட்பதுபோல் மந்தமாக இருக்கும், இரண்டாவதில் துளித்துளியாகத் தெளிவாக இருக்கும். இதற்கென்று தனியாக ஒரு வினாடியும் தேவைப்படவில்லை. ஒரு காட்சியை எடுக்கும்போது அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவைத்துக்கொள்வது இதனால்தான் நல்லது. அந்த வேலையை உடை, ஒலி, ஒரு பொருள், ஒரு பார்வை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சும்மாவே செய்துகொடுக்கலாம்.

சொற்களுக்கு வருகிறேன். 90 வினாடிப் படத்தில் ஆறாவது ஏழாவது பகுதிகளின் மேல் ஓடிய பின்னணிக் குரல் இது: "வயது ஏற ஏற, நம்மைச் சுற்றியிருக்கும் உலகத்தின் ஓசைகள் மெல்ல மெல்ல விலகிப் போகின்றன. அன்பானவர்களின் குரலும் அவற்றில் ஒன்று. அந்தக் குரல்களை மீண்டும் உங்கள் அருகில் கொண்டுவர, மிகச் சிறிய, வெளியில் தெரியாத, மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்து பயன்படுத்தக்கூடிய காதுகேள் கருவி." நிதானமாகப் படித்தால் ஏறக்குறைய 20 வினாடி. முதல் வாக்கியத்தைப் படமே காட்டிவிடுகிறது, இரண்டாவதை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. கேட்கும் என்ற முக்கிய வாக்குறுதியைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அவர் திரும்புவதுதான் அந்த வாக்குறுதி. மூன்று சிறப்புகளில் வெளியில் தெரியாது என்பது அண்மைக் காட்சியில் கண்ணுக்கே தெரியும். சார்ஜ் செய்யலாம் என்பதற்கும் கதைக்கும் ஒட்டே இல்லை. விளம்பரதாரர் அதற்காகத்தான் அதிகம் வாதாடினார். அதை எழுத்தாகவாவது திரையில் போடச் சொன்னார். தாத்தா திரும்பும் தருணத்தில் எழுத்து வந்தால் கண் எழுத்துக்குப் போய்விடும், முகத்தைத் தவறவிடும் என்று விளக்கி, அதை அச்சு விளம்பரத்துக்கு ஒதுக்கினோம். மிஞ்சியது இரண்டு வரி: "காதுக்குள் அடங்கும் சிறு கருவி." "செவித்திறனைப் பரிசோதித்துக்கொண்டு அணியுங்கள்." ஏழு சொற்கள், அவற்றோடு கருவியின் பெயர்.

அந்த இரண்டாவது வரி ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பரிசோதனைக் காட்சிதான் மூலத்தில் மிக நீளமானது, கதைக்குத் தேவைப்படாதது, ஆகவே முதலில் போனது. ஆனால் அது போனதும் படம் சொல்லும் பொருள் மாறிவிட்டது: யாரும் வாங்கி யாருக்கும் மாட்டிவிடலாம் என்பதுபோல் ஆயிற்று. கதைக்குத் தேவையில்லாத ஒன்று உண்மைக்குத் தேவையாக இருக்கலாம். ஒரு வாக்குறுதியோடு ஒட்டிய நிபந்தனையை நீளம் கருதி எடுத்தால் வாக்குறுதியே பொய்யாகிவிடும். ஆகவே வெட்டி முடித்த பிறகு, 'நான் எடுத்தவற்றில் எதனால் இப்போது மிச்சமிருப்பது பொய்யாகிறது?' என்று தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிபந்தனையைத் திரையில் எழுத்தாகப் போடுவதானால், நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம் அது நிற்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

சொல் எண்ணிக்கை பற்றி ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 30 வினாடிக்கு 70, 75 சொற்கள் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். நம் சொற்கள் வேற்றுமை உருபையும் காலத்தையும் தோளில் சுமந்துகொண்டு வருபவை. 'பயன்படுத்தக்கூடிய' என்பது எண்ணுவதற்கு ஒன்று, சொல்வதற்கு மூன்று. படம் முழுக்கப் பேச்சாகவே இருந்தாலும் 30 வினாடிக்கு 45 சொற்களுக்கு மேல் நான் எழுதுவதில்லை. தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. வினை கடைசியில் வருவதால் வாலை வெட்ட முடியாது, வெட்டினால் வாக்கியமே விழுந்துவிடும். கொழுப்பு பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும் அடைகளில்தான் இருக்கும். மேலே உள்ள மூன்றாவது வாக்கியத்தில் 'கருவி' என்ற சொல் வரும்வரை கேட்பவர் மூன்று அடைகளை எதன் மேல் வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் நேரமும் மிஞ்சும், காதுக்கும் எளிதாகும். பாத்திரங்கள் பேசும் வசனமானால் எழுத்து நடையைப் பேச்சு நடைக்கு மாற்றினாலே கொஞ்சம் நேரம் கிடைக்கும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது 'வந்துட்டிருக்கேன்' ஆகும்போது பொருள் குறைவதில்லை.

நேரத்தை அளக்கும்போது எழுந்து நின்று, நடிகர் செய்ய வேண்டிய அசைவுகளையும் செய்துகொண்டு, வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள். மனத்துக்குள் படித்தால் எப்போதும் குறைத்தே காட்டும். அதைவிட நல்லது, ஸ்கிரிப்டை முன்பு பார்க்காத ஒருவரைப் படிக்கச் சொல்வது. தாளில் 27 வினாடி வந்தால்தான் நான் நிறுத்துகிறேன். படப்பிடிப்பில் நடிகர்கள் நாம் நினைத்ததைவிட மெதுவாகத்தான் நடப்பார்கள், கதவும் மெதுவாகத்தான் திறக்கும். வினாடிக்கு 25 பிரேம் என்றால் 30 வினாடி என்பது 750 பிரேம். 751ஆவது பிரேமுக்கு இடம் கிடையாது.

குறைத்தது சரியாக வந்திருக்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. 90 வினாடிக் கதை உங்கள் தலையில் இருப்பதால் எடுத்த இடங்களையெல்லாம் உங்கள் நினைவே நிரப்பிவிடும். மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். காதுகேள் கருவி ஸ்கிரிப்டின் முதல் வடிவத்தில், பேத்தி முன்னால் போய் நின்றதும் காட்சி முடிந்துவிடும். அதைப் படித்த ஒருவர், "தாத்தாவுக்குப் பேத்தி மேல் கோபம், அதனால் திரும்பவில்லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆனால் அவர் படித்ததில் தவறே இல்லை. அவளைக் கண்டதும் அவர் திடுக்கிட்டு, உடனே முகம் மலர்ந்து படத்துக்குக் கை நீட்டும் ஒரு வினாடியைச் சேர்த்த பிறகுதான் கோபம் இல்லை, கேட்கவில்லை என்பது தெளிவாயிற்று. அந்த ஒரு வினாடிக்காகக் கருவியின் அண்மைக் காட்சியை 5இலிருந்து 4க்குக் குறைத்தேன்.

உங்கள் படம் இன்னும் எடுக்கப்படவில்லை என்று வைத்துக்கொண்டு இதுவரை எழுதினேன். எடுத்து முடித்த படத்திலிருந்து குறைக்கச் சொன்னால் கை கட்டப்பட்டுவிடும். எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. மூலத்தில் வெவ்வேறு நாட்களில் நடக்கும் இரண்டு காட்சிகளை ஒரே உரையாடலாக ஒட்டவைத்தேன். எழுத்தில் கச்சிதமாக இருந்தது. எடிட்டிங்கில் பார்த்தால் கேள்வி கேட்டவர் நீலச் சட்டையில் கேட்டு, பதிலை வெள்ளைச் சட்டையில் வாங்கிக்கொண்டார். எனவே இரண்டு நீளமும் வேண்டும் என்று முதலிலேயே தெரிந்தால், 30 வினாடி ஸ்கிரிப்டைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி முடித்து, அதற்கு மட்டும் தேவைப்படும் ஷாட்டுகளையும் வசனங்களையும் படப்பிடிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இசையமைப்பாளரிடமும் 30 வினாடிக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நீண்ட இசையை நடுவில் அறுத்தால் தாளம் தடுக்கி விழும்.

இதுவரை சொன்னவற்றில் காட்சி எண்ணிக்கையும் அச்சாரமும் பற்றி எனக்கு ஐயமே இல்லை. பெயரை எப்போது காட்டுவது என்பதில் அப்படிச் சொல்ல மாட்டேன். தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகிய நான் கடைசியில்தான் வைப்பேன். ஆனால் யூடியூபில் தவிர்க்கக்கூடிய விளம்பரங்களை 5 வினாடிக்குப் பிறகு தாண்டிப் போய்விடலாம். அங்கே கடைசி வரை காத்திருப்பது சரியா என்பதில் தொழிலில் உள்ளவர்களே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். நான் காப்பாற்றிய அந்த 2 வினாடி அமைதியும் ஒலியை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பவருக்கு ஒன்றுமில்லாமல் போகும். அதற்காகப் பேத்தியின் மெல்லிய அழைப்பை எழுத்தாகவும் போட்டோம், முழு ஈடாகவில்லை.

கடைசியாக, இந்த வழி எல்லா ஸ்கிரிப்டுக்கும் செல்லாது. ஒரே செயல் மறுபடி மறுபடி நடந்து அலுப்போ சிரிப்போ ஏறிக்கொண்டே போவதுதான் கதை என்றால், அங்கே முத்தாய்ப்பின் பலம் முழுவதும் முந்திய நேரத்தில் இருக்கிறது. ஒரே ஓர் அச்சாரம் அதைத் தாங்காது. ஆறு படிகளில் ஒரு செயலைக் கற்றுக்கொடுக்கும் படத்தையும் இப்படிக் குறைக்க முடியாது, படி ஒன்று போனால் செயலே போகும். உங்களுடையது அந்த வகை என்றால் குறைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே பொருளுக்கு 30 வினாடியில் வேறொரு ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன் என்று சொல்லி, அதற்கான நாட்களைத் தனியாகக் கேட்டுப் பெறுங்கள்.